சமூகம் ஏணியில ஏறுதா, சக்கரமா சுத்துதா? சமூகவியல் இந்த ரெண்டு கதையையும் ஏன் விட்டுச்சு

"அந்த நாடு இன்னும் நூறு வருஷம் பின்னாடி இருக்கு"ன்னு யாராவது சொன்னா நாம யோசிக்காமலே தலையாட்டிடுறோம், ஆனா கொஞ்சம் நின்னு பார்த்தா அந்த வாக்கியம் ரொம்ப விசித்திரமானது. அந்த நாட்டு ஜனங்களும் இதே வருஷத்துல, இதே தேதியிலதான் உயிரோட இருக்காங்க, அவங்க காலண்டரும் இதேதான். அப்ப "பின்னாடி"ன்னா எதுக்குப் பின்னாடி? எல்லாரும் ஒரே ரோட்டுல, ஒரே பக்கமா, ஒரே ஸ்டாப்புகள் வழியா போறாங்க, சிலர் முன்ன கிளம்பிட்டாங்க, சிலர் லேட்டுன்னு நாம மனசுக்குள்ள ஏற்கனவே முடிவு பண்ணி வச்சிருக்கோம், அந்த முடிவு இருந்தாதான் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே வரும்.

இன்னொரு பக்கம், "எந்தப் பேரரசா இருந்தாலும் ஏறும், உச்சிக்குப் போகும், விழும், வரலாறு திரும்பத் திரும்ப நடக்கும்"னு சொல்றவங்களும் நிறைய. முதல் ஆளு ஏணி வரையுறார், ரெண்டாவது ஆளு சக்கரம் வரையுறார். ரெண்டுமே ஒரு காலத்துல சமூகவியலோட பெரிய கொள்கைகளா இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டுமே அந்த வடிவத்துல இல்ல. ஏன் இல்லன்னு கேட்டா "அது பழசு", "அது இனவாதம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. எனக்கு அந்தப் பதில் போதல. ஒரு கொள்கை எங்க, எந்த உண்மையில மோதி உடைஞ்சுச்சுன்னு பார்த்தாதான் அதே தப்பை நாம திரும்பப் பண்ணாம இருக்க முடியும். அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு ஏணியை எடுத்து, அதுல ஒரே ஒரு இடத்தை, ஹவாய் தீவுகளை, வச்சுப் பார்க்கப் போறேன்.

முதல்ல ரெண்டு வார்த்தை

சமூக மாற்றம்னா ஒரு சமூகத்தோட அமைப்பே மாறுறது, அதாவது யார் யாரை ஆள்றாங்க, நிலம் யார் கையில இருக்கு, குடும்பம் எப்படி அமையுது, வேலை எப்படி பிரியுது, இந்த மாதிரி விஷயங்கள் மாறுறது. ஒரு ராஜா போய் அடுத்த ராஜா வந்தா அது ஆள் மாற்றம். ராஜாங்கற பதவியே போனா அது சமூக மாற்றம்.

இந்த மாற்றம் எல்லா சமூகத்துலயும் ஒரே வரிசையில, எளிமையில இருந்து சிக்கலை நோக்கி, கீழ இருந்து மேல நடக்குதுன்னு சொல்றது பரிணாமக் கொள்கை. இதுக்கு அடியில இருக்கற உவமை குழந்தை வளர்றது. குழந்தை குப்புற விழும், தவழும், நிக்கும், நடக்கும்; வரிசை பெரும்பாலும் மாறாது. மாற்றம் ஏறி இறங்கி திரும்ப கிட்டத்தட்ட ஆரம்பிச்ச இடத்துக்கே வருதுன்னு சொல்றது சுழற்சிக் கொள்கை. அதுக்கு உவமை மனுஷனோட ஆயுள்: பிறப்பு, இளமை, முதுமை, சாவு, அப்புறம் இன்னொரு பிறப்பு.

கவனிச்சீங்கன்னா ரெண்டுமே சமூகத்தை ஒரு உடம்பு மாதிரி பார்க்குது. உடம்புக்குள்ள ஒரு திட்டம் இருக்கு, வளர்ச்சியும் முதுமையும் அந்தத் திட்டப்படி நடக்குது. சமூகத்துக்குள்ள அப்படி ஒரு திட்டம் இருக்கான்னு யாரும் முதல்ல கேக்கல.

டார்வினைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி

நிறைய பேர் நினைக்கறது என்னன்னா டார்வின் உயிர்களுக்குப் பரிணாமம் சொன்னார், அதை சமூகவியல்காரங்க அப்படியே காப்பி அடிச்சாங்கன்னு. வருஷத்தைப் பாருங்க. பிரான்ஸ்ல ஆகஸ்ட் காம்டே மனுஷ சிந்தனை மூணு கட்டமா போகுதுன்னு 1822லயே எழுதிட்டார்: முதல்ல எல்லாத்துக்கும் கடவுள் காரணம், அப்புறம் இயற்கை மாதிரி பொதுக் கருத்துகள் காரணம், கடைசியா அறிவியல். இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஸ்பென்சர், முன்னேற்றம்னா ஒரே மாதிரி இருக்கறது பலவிதமா பிரியறதுதான், இதுதான் பிரபஞ்ச விதின்னு 1857ல எழுதினார். டார்வினோட புத்தகம் வந்தது 1859ல. ஏணி முன்னாடியே சாத்தி வச்சாச்சு.

அது மட்டும் இல்ல, டார்வின் வரைஞ்சது ஏணியே கிடையாது, கிளை விடுற மரம். மரத்துல ஒரு கிளை இன்னொரு கிளையோட "சின்ன வயசு" கிடையாது, ரெண்டும் ஒரே நாள்ல துளிர்விட்டு நிக்குது, ஒவ்வொண்ணும் தன் இடத்துக்கு ஏத்த மாதிரி போயிருக்கு. அதனால "சமூகப் பரிணாமம்"னு அன்னைக்கு எழுதினவங்க எடுத்துக்கிட்டது பரிணாமங்கற வார்த்தையோட மதிப்பை மட்டும்தான், டார்வினோட வழிமுறையை இல்லன்னு நான் சொல்வேன்.

மார்கனோட ஏணி

இப்ப நம்ம கேஸுக்கு வருவோம். லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர்ல வக்கீலா இருந்தவர். சும்மா நாற்காலியில உக்காந்து கதை விட்டவர்னு இவரை ஒதுக்க முடியாது. வட அமெரிக்கப் பழங்குடிகளான ஈரோக்வாய் மக்களோட நேர்ல பழகி 1851லயே அவங்களைப் பத்தி விரிவா எழுதினவர், உலகம் முழுக்க கேள்வித்தாள் அனுப்பி உறவுமுறைச் சொற்களைச் சேகரிச்சவர். 1871ல வந்த அவரோட பெரிய நூல்ல நம்ம தமிழ் உறவுமுறைச் சொற்களும் இருக்கு, ஈரோக்வாய்ல ஒரு பிரிவான செனிக்கா மக்களோட முறையும் தமிழ் முறையும் ஒத்துப்போறதைப் பார்த்து அவர் அசந்து போயிட்டார்.

1877ல அவர் மனுஷ வரலாறு முழுசையும் ஏழு படியா பிரிச்சார். காட்டுமிராண்டி நிலையில மூணு படி, அநாகரிக நிலையில மூணு படி, மேல நாகரிகம். அடிப்படியைத் தவிர ஒவ்வொரு படிக்கும் ஒரு நுழைவுச்சீட்டு உண்டு. மீன் சாப்பிடவும் நெருப்பைக் கையாளவும் தெரிஞ்சா காட்டுமிராண்டி நிலையோட நடுப்படி. வில்லும் அம்பும் வந்தா அதுல மேல்படி. மண்பாண்டம் செஞ்சா அநாகரிகத்தோட முதல் படி. கால்நடை வளர்ப்பு, இல்லன்னா அமெரிக்காவுல பாசனம் போட்டு மக்காச்சோளம் விளைவிச்சு பச்சைச் செங்கல்லயும் கல்லுலயும் கட்டுனா நடுப்படி. இரும்பு உருக்கினா மேல்படி. ஒலியை எழுதற எழுத்து வந்தா நாகரிகம். ஏங்கல்ஸ் 1884ல குடும்பம், தனிச்சொத்து, அரசு பத்தி எழுதுனப்ப இந்த ஏணியைத்தான் எடுத்துக்கிட்டார், தமிழ்ல இந்தப் படிகளோட பேரு பலருக்குத் தெரிஞ்சிருக்கறதுக்கு அதுதான் காரணம்.

இந்த ஏணியில ஒரு நல்ல குணம் இருக்குன்னு ஒத்துக்கணும். மனுஷங்கள்ல சிலருக்குப் பிறவியிலயே மூளை கம்மின்னு அன்னைக்குப் பலர் நம்பிக்கிட்டிருந்தாங்க. மார்கன் எல்லாரும் ஒரே மனுஷகுலம், ஒரே பாதைதான்னு சொன்னார். தப்பு அவரோட பாதையில இருக்கு, மனசுல இல்ல.

இதுவரைக்கும் சுருக்கமா: ஏணி டார்வின்ல இருந்து வரல. மார்கன் ஏழு படி வச்சார், ஒவ்வொரு படிக்கும் ஒரு பொருளோ திறமையோ அடையாளம்.

படிகளுக்கு ஆதாரம் எங்க இருந்து வந்துச்சு?

இதுதான் மையம், இதை மெதுவா படிங்க. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க எப்படிக் கல்யாணம் பண்ணாங்க, எப்படித் தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு மார்கனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால அன்னைக்கு உயிரோட இருந்த, இல்ல சமீபத்துல ஐரோப்பியர் பார்த்து எழுதின சமூகங்களை எடுத்து ஒவ்வொரு படியிலயும் நிறுத்தினார். "இவங்க இப்ப இருக்கற மாதிரிதான் நம்ம முன்னோர் அப்ப இருந்தாங்க"ங்கறது கணக்கு. இதுக்கு ஒப்பீட்டு முறைன்னு பேரு: இடத்துல பரவிக் கிடக்கற வித்தியாசங்களை காலத்துல நடந்த வரிசையா மாத்திப் படிக்கறது.

ஒரு உவமை சொல்றேன். ஒரே நாள்ல நூறு பேரை போட்டோ எடுக்கறீங்க. அந்தப் போட்டோக்களை உயரத்தை வச்சு குள்ளமானவர்ல இருந்து நெட்டையானவர் வரைக்கும் அடுக்கி, "மனுஷன் வளர்ற விதம் இதுதான்"னு ஒரு ஆல்பம் போடறீங்க. பார்க்க அழகா, வரிசையா, நம்பற மாதிரியே இருக்கும். ஆனா அதுல அறுபது வயசான ஒரு குள்ளமான பாட்டி பத்து வயசுப் பையனுக்குக் கீழ நிப்பாங்க. அவங்க முழுசா வளர்ந்த ஆளு, அவங்க வாழ்க்கை வேற மாதிரி போயிருக்கு, அவ்வளவுதான். ஆல்பத்தைப் பார்த்தா இந்தத் தப்பு தெரியவே தெரியாது. ஒரு ஆளைத் தனியா எடுத்து அவரோட சொந்தக் கதையைக் கேட்டாத்தான் தெரியும்.

அப்படி ஒரு ஆளைத் தனியா எடுப்போம்.

ஹவாய்: ஏணி உடையற இடம்

மார்கன் பாலினீசிய மக்கள்ல பெரும்பாலானவங்களை, அதாவது ஹவாய் மாதிரி பசிபிக் தீவுக்காரங்களை, காட்டுமிராண்டி நிலையோட நடுப்படியில வச்சார். கீழ இருந்து ரெண்டாவது. அதே படியில ஆஸ்திரேலியப் பழங்குடிகளும். ஹட்சன் விரிகுடாப் பக்கம் வேட்டையாடின அத்தபாஸ்கன் குழுக்கள் இவங்களுக்கு ஒரு படி மேல, ஏன்னா அவங்க கிட்ட வில் அம்பு இருந்துச்சு. ஹவாய்க்காரங்க சண்டைக்கு வில் எடுக்கல, மண்பாண்டமும் செய்யல, அதனால ரெண்டு நுழைவுச்சீட்டும் இல்ல.

இப்ப ஹவாய்ல நிஜமா என்ன இருந்துச்சுன்னு பாருங்க. 1778ல ஜேம்ஸ் குக்கோட கப்பல் அங்க போனப்ப, ஓடையை மறிச்சு வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டின வயல்ல தண்ணி நிறுத்தி சேப்பங்கிழங்கு விளைவிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடலோரத்துல கல் சுவர் எழுப்பி, மீன் குஞ்சு உள்ள வரும் பெரிய மீன் வெளிய போகாதுங்கற அளவுல மரச்சட்ட மதகு வச்ச மீன் குளங்கள் இருந்துச்சு. மலை உச்சியில இருந்து கடல் வரைக்கும் நீளவாக்குல நிலத்தைப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் மேற்பார்வைக்கு ஆள் போட்டு, குடிமக்கள் கிட்ட இருந்து விளைச்சல்ல பங்கு வசூல் பண்ணாங்க. அலிஈன்னு சொல்ற பரம்பரைத் தலைவர் வர்க்கம், அவங்களுக்கு மேல தீவோட அரசன். 1810க்குள்ள கமேஹமேஹாங்கற மன்னர் எல்லாத் தீவையும் ஒரே ஆட்சிக்குக் கீழ கொண்டு வந்தார். 1840ல எழுதப்பட்ட அரசியல் சாசனமே வந்தாச்சு. மார்கன் புத்தகம் போட்டது அதுக்கு 37 வருஷம் கழிச்சு.

சரி, வில் அம்பு? ஹவாய்க்காரங்களுக்கு வில் தெரியும். தலைவர்கள் அதை எலி சுடற விளையாட்டுக்கு வச்சிருந்தாங்க. போருக்கு ஈட்டி, தடி, கவண் போதும்னு இருந்தாங்க. மார்கனோட கணக்குல இது "இன்னும் கண்டுபிடிக்கல"ன்னு பதிவாகுது, நிஜத்துல இது "தெரியும், இதுக்குப் பயன்படுத்தல".

மண்பாண்டம் இன்னும் சுவாரஸ்யம். சுமார் 3000 வருஷத்துக்கு முன்னாடி பாலினீசியர்களோட முன்னோர் லாப்பீட்டாங்கற நுணுக்கமான புள்ளிக்கோல வேலை செஞ்ச பானைகளைச் செஞ்சுக்கிட்டேதான் டோங்கா, சமோவா பக்கம் வந்து குடியேறினாங்க. அகழாய்வுல அந்த ஓடுகள் கிடைக்குது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பானையில அலங்காரம் குறைஞ்சு, பானையே நின்னு போச்சு. காரணம் பத்தி ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் பேச்சு உண்டு, ஆனா குழி தோண்டி சூடான கல்லு போட்டு இலை மூடி வேக வைக்கற முறைக்குப் பானை தேவையில்ல, தண்ணிக்குச் சுரைக்குடுக்கை இருந்துச்சு. ஆக ஏணியில "அடுத்து வரவேண்டிய படி"ன்னு மார்கன் சொன்னதை இவங்க முன்னோர் ஏற்கனவே தாண்டி, விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் கடலைக் கடந்து ஹவாய் வரைக்கும் போய் வயலும் வரியும் அரசும் உண்டாக்கியிருக்காங்க. ஏணிக்காரர் இதை ஏறினாங்கன்னு சொல்வாரா இறங்கினாங்கன்னு சொல்வாரா? ரெண்டுமே பொருந்தல.

உண்மை பொருந்தலன்னா உண்மையை வளைக்கறது

ஒரு கொள்கை கெட்டுப்போச்சுங்கறதை எப்படிக் கண்டுபிடிக்கறது? எதிரான தகவல் வரும்போது அது என்ன பண்ணுதுன்னு பாருங்க. மெக்சிகோவுல ஆண்ட ஆஸ்டெக் மக்களுக்கு இரும்பும் இல்ல, மார்கன் கேட்ட மாதிரி எழுத்தும் இல்ல, அதனால அவங்களுக்குப் பேரரசு இருந்திருக்க முடியாதுன்னு ஏணி சொல்லுது. ஆனா ஸ்பானியர்கள் நேர்ல பார்த்து அரண்மனை, மன்னர், ஆடம்பர விருந்துன்னு எழுதி வச்சிருந்தாங்க. மார்கன் 1876ல ஒரு கட்டுரை எழுதி, அது அரண்மனை இல்ல, குலமே சேர்ந்து வாழ்ற பெரிய கூட்டுவீடு, மன்னர் விருந்துன்னு அவங்க பார்த்தது அந்த வீட்டுக்காரங்களோட தினசரிச் சாப்பாடுன்னு வாதாடினார். ஆஸ்டெக் மாதிரியே இன்கா மக்களையும் அநாகரிக நிலையோட நடுப்படியிலதான் வச்சார். ஹோமர் காலத்துக் கிரேக்கர்கள் இரும்பு வச்சிருந்ததால அதுக்கு மேல்படி. ஆனா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை போட்டு, கிப்புன்னு சொல்ற முடிச்சுக் கயிறுல கணக்கு வச்சு, ஆண்டீஸ் மலை நெடுக ஆட்சி நடத்தின இன்காக்களோட அமைப்பு அந்தக் கிரேக்கக் குட்டி ஊர்களை விட எவ்வளவோ பெருசு.

உறவுமுறையிலயும் இதே கதைதான். ஹவாய் மொழியில அப்பாவையும், பெரியப்பா சித்தப்பா மாமாவையும் ஒரே சொல்லால, மகுவா கானேன்னு சொல்வாங்க. மார்கன் இதை வச்சு, ஒரு காலத்துல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருமே கூட்டா தம்பதிகளா வாழ்ந்திருக்கணும், அதனால யார் அப்பான்னு தெரியாது, அதோட எச்சம்தான் இந்தச் சொல்லுன்னு முடிவு கட்டினார். பெரியப்பா, சித்தப்பாங்கற சொல்லுக்குள்ள "அப்பா" இருக்கறது நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுக்காக யாருக்கும் தன் அப்பா யாருன்னு குழப்பம் வந்ததில்ல. சொல்லு தலைமுறையையும் மரியாதையையும் காட்டுது. ஆனா ஏணிக்குக் கீழ்ப்படி ஒண்ணு தேவைப்பட்டுச்சு, உயிரோட இருந்த எந்தச் சமூகமும் அதுக்குக் கிடைக்கல, அதனால சொல்லுல இருந்து அதை உருவாக்க வேண்டியதாச்சு.

இந்த ஒப்பீட்டு முறையையே நேரா அடிச்சவர் மானிடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ், 1896ல. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: ரெண்டு இடத்துல ஒரே மாதிரி பழக்கம் இருந்தா அது ஒரே காரணத்தால, ஒரே கட்டத்துல வந்ததுன்னு எப்படிச் சொல்ற? முகமூடியை எடுத்துக்கோங்கன்னார். ஒரு இடத்துல பேய் தன்னை அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு போடறாங்க, இன்னொரு இடத்துல போடறவரே அந்த ஆவியா நிக்கறார், இன்னொரு இடத்துல செத்தவங்க நினைவுக்கு, இன்னொரு இடத்துல நாடகத்துக்கு. வெளிய பார்த்தா எல்லாம் முகமூடி. வந்த வழி வேற வேற. முதல்ல ஒவ்வொரு சமூகத்தோட சொந்த வரலாற்றைத் தோண்டிப் பாரு, அப்புறம் ஒப்பிடுன்னார்.

இந்தப் பகுதியில நடந்தது இதுதான்: ஒரே காலத்துல இருந்தவங்களை வேற வேற காலத்து ஆளுங்களா அடுக்கினாங்க, அந்த அடுக்குக்கு ஒத்து வராத உண்மைகளை மாத்திப் படிச்சாங்க.

சரி, சக்கரம்?

முதல் உலகப்போர் 1914ல வந்து, தன்னைத்தானே ஏணியோட உச்சின்னு நினைச்ச ஐரோப்பா லட்சக்கணக்குல தன் பிள்ளைகளைக் கொன்னப்ப ஏணி மேல இருந்த நம்பிக்கை பொது ஜனங்க கிட்டயே ஆட்டம் கண்டுச்சு. 1918ல ஜெர்மனியில ஸ்பெங்லர் ஒவ்வொரு கலாச்சாரத்துக்கும் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு ஆயுள் உண்டு, மேற்கு குளிர்காலத்துல இருக்குன்னு எழுதினார், புத்தகம் பயங்கரமா வித்துச்சு. அப்புறம் பிரிட்டிஷ் வரலாற்று அறிஞர் டாய்ன்பீ நாகரிகங்களோட எழுச்சி, வீழ்ச்சி பத்திப் பல தொகுதிகளா எழுதினார். இவங்களைப் பத்தி நான் அதிகம் சொல்லப்போறதில்ல. ஏன்னா சக்கரக் கொள்கைகள்லயே கெட்டியானது இவங்களுக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி வந்துடுச்சு, அதை உடைக்க முடியுமான்னு பார்க்கறதுதான் நியாயம்.

இப்னு கல்தூன் 1332ல துனிஸ்ல பிறந்தவர். வட ஆப்பிரிக்க அரசவைகள்லயும் ஸ்பெயின்ல இருக்கற கிரனாடாவுலயும் வேலை பார்த்து, ஆட்சிகள் கவிழறதைக் கிட்ட இருந்து பார்த்து, 1377ல முகத்திமாங்கற முன்னுரை நூலை எழுதினார். அவர் "விதி"ன்னு சொல்லி நிறுத்தல, எப்படி நடக்குதுன்னு சொன்னார், அதனாலதான் அவர் மேல எனக்கு மரியாதை. பாலைவனக் குடிகளுக்குள்ள ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரைக் கொடுக்கற ஒட்டுறவு இருக்கும், அதுக்கு அஸபிய்யான்னு பேரு. அந்தப் பலத்துல நகரத்தைப் பிடிச்சு ஆட்சி அமைக்கறாங்க. முதல் தலைமுறைக்கு அந்த முரட்டு வாழ்க்கை நினைவிருக்கு. ரெண்டாவது தலைமுறையில சுகம் வருது, அரசர் பெருமையை எல்லாம் தனக்கே எடுத்துக்கறார், கூட வந்த சொந்தக்காரங்க ஒதுங்கறாங்க. மூணாவது தலைமுறைக்கு ஒட்டுறவே மறந்து போச்சு, கூலிப்படை வைக்கறாங்க, கூலிக்குப் பணம் வேணும், வரி ஏறுது, வரி ஏற ஏற ஜனங்க உழைப்பைக் குறைக்கறாங்க, வருமானம் இறங்குது. எல்லையில அடுத்த குடி காத்துக்கிட்டு இருக்கு. தலைமுறைக்கு 40 வருஷம், மொத்தம் 120.

இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். மொராக்கோவை வரிசையா ஆண்ட வம்சங்களை எடுத்துக்கோங்க: அல்மொஹாதுகள் அங்க மராக்கேஷ் நகரத்தைப் பிடிச்சது 1147, அதை மரினிதுகள் கிட்ட இழந்தது 1269. 122 வருஷம்! ஆனா அதே நகரத்தை அல்மொஹாதுகளுக்கு முன்னாடி கட்டி ஆண்ட அல்மொராவிதுகளுக்கு 1070 வாக்குல இருந்து 1147 வரைக்கும், எண்பது வருஷம் கூட வரல. பின்னால வந்த மரினிதுகள் ஃபெஸ் நகரத்தை 1248ல பிடிச்சு 1465 வரைக்கும் வச்சிருந்தாங்க, இருநூறைத் தாண்டுது. துருக்கிய உதுமானியர்கள் ஆறு நூற்றாண்டு இருந்தாங்க. 122ஐ மட்டும் காட்டி "பார்த்தியா"ன்னு சொல்லலாம், சக்கரக்காரங்க எல்லாரும் பெரும்பாலும் செய்யறது அதுதான், எங்க ஆரம்பிக்கணும் எங்க முடிக்கணும்னு அவங்களே தேர்ந்தெடுத்தா எந்த எண்ணும் கிடைக்கும்.

ஆனா எண்ணை விட்டுட்டு அவர் சொன்ன இயக்கத்தைப் பாருங்க, அது எதை நம்பி நிக்குதுன்னு தெரியும். எல்லையில சண்டைக்குத் தயாரா குதிரைக்குடிகள் இருக்கணும், அவங்க நகரத்துப் படையை விட பலமா இருக்கணும், ஆட்சியோட படை சொந்தக்கார உறவை மட்டும் நம்பி இருக்கணும். உதுமானியர்கள் சிறுவயசுலயே பிள்ளைகளை எடுத்து அரியணைக்கே விசுவாசமா வளர்த்த நிரந்தரப் படையை உண்டாக்கினாங்க, சக்கரத்துல ஒரு பல்லு கழண்டுச்சு. பீரங்கியும் துப்பாக்கியும் பரவினப்ப குதிரைக்குடிகளோட மேலாதிக்கம் போச்சு, சக்கரமே நின்னுடுச்சு. அப்ப அவர் கண்டுபிடிச்சது எல்லா சமூகத்துக்குமான ஆயுள் விதி இல்ல, குறிப்பிட்ட சூழ்நிலையில ஓடற ஒரு இயந்திரம். அந்த அளவுல அது இன்னைக்கும் நல்ல விளக்கம்தான்.

ஏணி திரும்ப வந்தப்ப

1950, 60கள்ல ஏணி புது சட்டை போட்டுக்கிட்டு திரும்ப வந்துச்சு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராஸ்டோ 1960ல ஐந்து படி சொன்னார்: மரபுச் சமூகம், கிளம்பறதுக்கான தயாரிப்பு, கிளம்பறது, முதிர்ச்சி, கடைசியா எல்லாரும் நிறைய நுகர்ற காலம். "காட்டுமிராண்டி"ங்கற சொல்லு போய் "வளர்ச்சி குறைந்த"ங்கற சொல்லு வந்துச்சு. ஏழை நாடுகள் பணக்கார நாடுகளோட இளமைப் பருவத்துல இருக்குங்கறது அடியில இருந்த கணக்கு. அதே போட்டோ ஆல்பம்.

இதுக்கு எதிரா லத்தீன் அமெரிக்காவைப் படிச்சவங்க சொன்னது, காலனியா இருந்த நாடுகளோட ஏழ்மை பணக்கார நாடுகளோட உறவுல உண்டானது, அந்தப் பணக்கார நாடுகள் எதுவும் ஒரு காலத்துல அந்த மாதிரி காலனியா இருந்து வரலன்னு. அது முக்கியம். ஆனா எனக்கு இன்னும் ஆழமா பட்டது பொருளாதார வரலாற்று அறிஞர் அலெக்சாண்டர் கெர்ஷெங்க்ரான் 1962ல காட்டினது. பிரிட்டன்ல முதல் ஆலைகள் சின்னதா, முதலாளிகளோட சொந்தப் பணத்துல, லாபத்தைத் திரும்பப் போட்டு வளர்ந்துச்சு. ஜெர்மனி தொழில்ல இறங்கும்போது இயந்திரம் பெருசு, முதலீடு பெருசு, ஏற்கனவே பிரிட்டனோட போட்டி இருக்கு, அதனால பெரிய வங்கிகள் வந்து ஆலைகளைத் தூக்கி நிறுத்துச்சு. ரஷ்யாவுல 1890கள்ல வங்கியும் போதல, அரசே வரி போட்டு ரயில்பாதையும் ஆலையும் கொண்டு வந்துச்சு. மூணுமே தொழில்மயமாச்சு, மூணுக்கும் வேற வேற முதலாளி வர்க்கம், வேற அரசு, வேற அரசியல். பின்னால வர்றவங்க முன்னால போனவங்களோட படியில கால் வைக்கவே முடியாது, ஏன்னா முன்னால போனவங்க இருக்கறதே சூழ்நிலையை மாத்திடுச்சு. குழந்தைங்க வளர்றதுல இப்படிக் கிடையாது, பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துட்டதால நம்ம குழந்தை தவழற விதம் மாறாது. சமூகத்துல மாறும். உடம்பு உவமை இங்கதான் முழுசா கைவிடுது.

அப்ப முன்னேற்றமே இல்லையா?

இங்கதான் இன்னொரு தப்பான புரிதல். சமூகவியல் முன்னேற்றக் கதையை விட்டதுன்னா "எதுவும் மேம்படல, எல்லாம் சமம்"னு சொல்லிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பிறந்த குழந்தைங்க சாகறது குறைஞ்சா குறைஞ்சதுதான், அதை எண்ணலாம். விட்டது நாலு விஷயம் சேர்ந்த ஒரு மூட்டையை: எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே திசை, உள்ளுக்குள்ள இருந்தே தானா வளருது, பின்னால வந்தது எல்லாத்துலயும் சிறந்தது. இதுல கடைசி சங்கதியைக் காட்ட திரும்ப ஹவாய்க்கே போறேன்.

1886–87 வாக்குல ஹொனலூலுவுல இயோலானி அரண்மனைக்கு மின்விளக்கு வந்துச்சு. அமெரிக்க ஜனாதிபதியோட வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891ல. தொழில்நுட்பத்தை அளவுகோலா வச்சா அந்த அரண்மனை முன்னாடி. அதே 1887ல, வெள்ளைக்காரக் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்த ஒரு கூட்டம், ஆயுதப்படை பின்னால நிக்க, கலாகௌவா மன்னரை ஒரு புது சாசனத்துல கையெழுத்துப் போட வச்சுச்சு. மேல்சபைக்கு ஓட்டுப் போடணும்னா 3000 டாலர் சொத்து, இல்ல வருஷம் 600 டாலர் வருமானம் வேணும்னு அதுல இருந்துச்சு. ஹவாய்க்காரங்கள்ல பெரும்பாலானவங்க மேல்சபைக்கு ஓட்டை இழந்தாங்க, ஆசியாவுல இருந்து வந்தவங்களுக்கு ஓட்டே இல்ல, குடியுரிமை வாங்காத ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் ஓட்டு கிடைச்சுச்சு. 1893ல அரசாட்சியே கவிழ்க்கப்பட்டுச்சு, 1898ல அமெரிக்கா சேர்த்துக்கிச்சு.

ஏணிக்காரர் இதை எந்தப் படியில வைப்பார்? விளக்கு ஏறுது, ஓட்டு இறங்குது, கரும்பு ஏற்றுமதி ஏறுது, வெளிய இருந்து வந்த நோய்களால சொந்த ஜனத்தொகை நூறு வருஷமா இறங்கிக்கிட்டே இருக்கு. சக்கரக்காரர் "முதுமை வந்து விழுந்துச்சு"ன்னு சொன்னா, 1810ல ஒண்ணு சேர்ந்த ஒரு அரசுக்கு எண்பத்தி சொச்சம் வயசுல எங்க முதுமை? இன்னைக்கு இதைப் படிக்கற சமூகவியல்காரர் "ஹவாய் முன்னேறுச்சா"ன்னு கேக்கறதில்ல. 1848ல நிலம் தனிச்சொத்தா பிரிக்கப்பட்டப்ப அது கடைசியா யார் கைக்குப் போச்சு, 1875ல அமெரிக்காவோட போட்ட ஒப்பந்தத்தால சர்க்கரை வரியில்லாம உள்ள போனப்ப யாரோட பலம் கூடுச்சு, ஜனத்தொகை குறைஞ்சதால தோட்டத்துக்கு ஆள் எங்க இருந்து கொண்டு வந்தாங்க, அந்த ஆளுங்களுக்கு ஓட்டு இல்லாம வச்சது யாருக்கு லாபம்னு ஒவ்வொண்ணா கேக்கறார். ஒவ்வொரு கேள்விக்கும் ஆவணம் இருக்கு, ஒவ்வொண்ணும் தப்புன்னு நிரூபிக்கவும் முடியும்.